ஏழு நாள் மருந்து எந்த வேளையில் முடியும்? காலை, இரவுக் குளிசைகளுக்குக் கடைசி நாளைக் கண்டுபிடிக்கும் முழுமையான வழிகாட்டி

செவ்வாய்க்கிழமை இரவு முதல் குளிசையை விழுங்கிய ஒருவருக்கு ஏழு நாள் மருந்து எப்போது முடியும்? ஒரே வீட்டில் மூன்று பேரிடம் கேட்டால் மூன்று பதில் வரும். திங்கள் இரவு என்பார் ஒருவர். செவ்வாய் காலை என்பார் இன்னொருவர். "ஏழு நாள் என்றால் அடுத்த செவ்வாய் இரவுதானே" என்று மூன்றாமவர் அடித்துச் சொல்வார். காலையும் இரவும் ஒவ்வொன்றாகப் போடும் மருந்து என்றால் சரியான பதில் செவ்வாய் காலை. திங்கள் இரவு என்பது, செவ்வாய் காலையிலேயே தொடங்கியவருக்குச் சரி. செவ்வாய் இரவு என்பது இருவருக்குமே பிழை.

பெரும்பாலானோர் முதல் நாளைச் சேர்ப்பதா விடுவதா என்பதோடு நின்றுவிடுகிறார்கள். சேர்க்க வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் சேர்த்த பிறகும் கணக்கு முடிவதில்லை. முதல் நாள் முழு நாளாகச் சேருகிறதா, அரை நாளாகச் சேருகிறதா என்று பார்த்தால்தான் கடைசி வேளை தெரியும். வன்னியில் இது அடிக்கடி எழும் சிக்கல். காலை பஸ்ஸில் வந்து, வெளிநோயாளர் பிரிவில் காத்திருந்து, மருந்தை வாங்கிக்கொண்டு வீடு திரும்பும்போது காலை வேளை கடந்துபோயிருக்கும். எனவே பலருக்கு முதல் குளிசை இரவுக் குளிசைதான்.

முதலில் துண்டை வாசியுங்கள்

வைத்தியர் எழுதும் துண்டில் மருந்தின் பெயருக்கும் அளவுக்கும் பக்கத்தில் இரண்டு குறிகள் இருக்கும். ஒன்று, ஒரு நாளைக்கு எத்தனை வேளை என்பது. ஆங்கில எழுத்தில் பி.டி. அல்லது பி.டி.எஸ். என்று இருந்தால் இரண்டு வேளை. டி.டி.எஸ். என்று இருந்தால் மூன்று வேளை. அவசரமாக எழுதிய கையெழுத்தில் இந்த இரண்டும் ஒன்றுபோலத் தோன்றக்கூடும். எழுத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். கையில் கிடைத்த குளிசைகளின் எண்ணிக்கையே எது என்று சொல்லிவிடும். அதற்குச் சற்றுப் பிறகு வருவோம்.

மற்றக் குறி பின்னம்போல இருக்கும்: 5/7, 7/7, 2/52, 1/12. கீழே உள்ள எண் 7 என்றால் மேலே இருப்பது நாட்கள். 52 என்றால் வாரங்கள், ஏனெனில் ஆண்டுக்கு 52 வாரம். 12 என்றால் மாதங்கள். ஆகவே 5/7 என்பது ஐந்து நாள், 2/52 என்பது இரண்டு வாரம், அதாவது 14 நாள். இதைத் திகதி என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. 7/7 என்று பார்த்ததும் ஜூலை 7 வரை போடச் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைப்பது அப்படியொன்றும் முட்டாள்தனமல்ல. பார்வைக்கு அது திகதிதான். ஆனால் துண்டில் மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் வரும் பின்னம் காலத்தின் நீளத்தைத்தான் சொல்கிறது, முடியும் திகதியை அல்ல. முடியும் திகதியை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

யன்னலை விட்டு நகருமுன் எண்ணுங்கள்

மருந்து கொடுக்கும் யன்னலில் கடதாசி உறையை வாங்கியதும், பின்னால் வரிசை நீண்டிருந்தாலும், ஓரமாக ஒதுங்கி நின்று எண்ணிப்பாருங்கள். அட்டையில் வரும் குளிசை என்றால் எண்ணுவது சுலபம். பத்துக் குளிசை கொண்ட ஓர் அட்டையும், நாலு குளிசை வெட்டிய துண்டும் இருந்தால் மொத்தம் 14.

இப்போது ஒரு வேளைக்கு எத்தனை குளிசை என்று உறையில் பாருங்கள். ஒன்று என்றால், 14 குளிசையும் 14 வேளைக்கு. ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஆகவே ஏழு நாள். துண்டில் 7/7 என்று இருப்பதோடு இது ஒத்துப்போகிறது. மூன்று வேளை மருந்தாக இருந்திருந்தால் 21 கிடைத்திருக்கும். கையெழுத்தில் பி.டி.எஸ்., டி.டி.எஸ். குழப்பம் இப்படித்தான் தீரும்.

ஒரு வேளைக்கு இரண்டு குளிசை என்று இருக்கலாம். வைத்தியர் 500 மில்லிகிராம் எழுதியிருப்பார். கையிருப்பில் 250 மில்லிகிராம் குளிசைதான் இருக்கும். அப்போது ஒரு வேளைக்கு இரண்டு போடச் சொல்லி 28 தருவார்கள். இருபத்தெட்டைப் பார்த்துவிட்டு "பதினான்கு நாளைக்குத் தந்திருக்கிறார்கள்" என்று ஒவ்வொன்றாகப் போட்டால், பாதி அளவில் இரண்டு மடங்கு காலம் மருந்து எடுத்ததாகிவிடும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துக்கு இது மிகக் கெட்ட வழி. கிருமியைக் கொல்லப் போதாத அளவில் மருந்து உடலில் சுற்றிக்கொண்டிருக்கும்.

எண்ணிக்கை துண்டோடு ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே கேளுங்கள். வீட்டுக்கு வந்து, முப்பது கிலோமீற்றர் தள்ளி நின்று யோசிக்கும் விடயமல்ல இது. இருப்புக் குறைவாக இருந்தால் சில வேளைகளில் மூன்று நாளைக்கு மட்டும் தந்துவிட்டு மீதியை வெளியே வாங்கச் சொல்வதும் உண்டு. அதைச் சொல்லியே தருவார்கள். ஆனால் அந்த இரைச்சலில் காதில் விழாமல் போகலாம்.

முதல் வேளை எது?

இதுதான் கணக்கின் மையம். இரண்டே நிலைதான்.

முதல் குளிசையைக் காலையில் போட்டிருந்தால், முதல் நாள் முழு நாள். அன்று காலை ஒன்று, இரவு ஒன்று. கடைசி நாளைக் காண, தொடங்கிய திகதியோடு நாட்களின் எண்ணிக்கையைக் கூட்டி ஒன்றைக் கழியுங்கள். கடைசி வேளை அன்றைய இரவு.

முதல் குளிசையை இரவில் போட்டிருந்தால், முதல் நாள் அரை நாள். விடுபட்ட அந்தக் காலை வேளை, எல்லா நாட்களுக்கும் அப்பால் போய் ஒட்டிக்கொள்ளும். தொடங்கிய திகதியோடு நாட்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் போதும். ஒன்றைக் கழிக்க வேண்டாம். ஆனால் கடைசி வேளை அன்றைய காலை. இரவுக்குக் குளிசை மிஞ்சாது.

ஏன் ஒன்றைக் கழிக்கிறோம் என்பதற்குக் கந்தசஷ்டியை நினைத்துப்பாருங்கள். ஆறு நாள் விரதத்தைத் திங்கட்கிழமை தொடங்கினால் ஆறாம் நாளான சூரன்போர் சனிக்கிழமை வரும். ஞாயிற்றுக்கிழமை என்று யாரும் கோயிலுக்குப் போவதில்லை, ஏனெனில் தொடங்கிய திங்களையே முதலாம் நாளாக எண்ணியிருக்கிறோம். விரதத்தில் பிழைக்காத இந்த எண்ணல் மருந்தில் பிழைப்பதற்குக் காரணம், மருந்துக்கு நாம் எண்ணுவதை விட்டுவிட்டுக் கூட்டத் தொடங்கிவிடுவதுதான். திகதியோடு ஏழைக் கூட்டும்போது முதல் நாள் கணக்கிலிருந்து நழுவிவிடுகிறது. கைத்தொலைபேசியில் திகதி கணக்கிடும் செயலிகளும் வழக்கமாக இப்படிக் கூட்டித்தான் காட்டும். அவை தரும் திகதி காலையில் தொடங்கியவருக்கு ஒரு நாள் பிந்தியது.

ஒரு கணக்கை முழுவதுமாகப் போட்டுப் பார்ப்போம்

ஒட்டுசுட்டான் பக்கத்து நெற்செய்கைக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சேற்றிலும் தேங்கிய நீரிலும் வெறுங்காலோடு வேலை செய்தவர். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு. 2026 ஜனவரி 27, செவ்வாய்க்கிழமை வைத்தியசாலைக்குப் போகிறார். இரத்தம் பார்த்து, எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்று கருதி, விடுதியில் தங்க வேண்டிய அளவுக்குக் கடுமை இல்லையென்பதால், டொக்சிசைக்கிளின் 100 மில்லிகிராம் எழுதுகிறார் வைத்தியர். இரண்டு வேளை, 7/7. யன்னலில் 14 குளிசை கிடைக்கிறது. நேரம் பகல் ஒரு மணியைத் தாண்டிவிட்டது.

அவர் யன்னலில் கேட்கிறார்: "பிள்ளை, இன்றைக்கு இரவு ஒன்றுதான் போட முடியும். அப்படியென்றால் இன்று நாள் கணக்கில் சேருமா?"

"சேரும் ஐயா. ஆனால் அரை நாளாகத்தான் சேரும். நாளைத் தேடாமல் குளிசையை எண்ணிக்கொண்டு போங்கள், நாள் தானாக வரும்."

எண்ணிப் பார்ப்போம்.

செவ்வாய், ஜனவரி 27: இரவு 1
புதன், 28: காலை 2, இரவு 3
வியாழன், 29: காலை 4, இரவு 5
வெள்ளி, 30: காலை 6, இரவு 7
சனி, 31: காலை 8, இரவு 9
ஞாயிறு, பெப்ரவரி 1: காலை 10, இரவு 11
திங்கள், 2: காலை 12, இரவு 13
செவ்வாய், 3: காலை 14

பெப்ரவரி 3, செவ்வாய் காலையோடு உறை காலி. கலண்டரில் எட்டுத் திகதிகளைத் தொட்டிருக்கிறது; ஆனால் மருந்து ஏழு நாள் மருந்துதான். முதல் செவ்வாயின் அரையும் கடைசிச் செவ்வாயின் அரையும் சேர்ந்து ஒரு நாள்.

கூட்டல் வழியில் சரிபார்த்தால், 27-உடன் 7 கூட்ட 34. ஜனவரிக்கு 31 நாள். 34-இல் 31 போக 3. பெப்ரவரி 3 காலை. இவரே அன்று காலை ஏழு மணிக்கு முதல் குளிசையைப் போட்டிருந்தால் 34-இல் ஒன்று குறைய 33. 31 போக 2. பெப்ரவரி 2 இரவு. இரண்டு முடிவுக்கும் இடையே இருப்பது ஒரே ஒரு வேளைதான், ஒரு முழு நாள் அல்ல. அது அப்படித்தானே இருக்க வேண்டும்? தொடக்கம் எத்தனை வேளை தள்ளிப்போனதோ, முடிவும் அத்தனை வேளை தள்ளிப்போகும்.

"முதல் நாளும் சேர்த்து ஏழு நாள்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு திங்கள் இரவோடு நிறுத்தினால் ஒரு குளிசை மிஞ்சும். ஒரு குளிசையால் நோய் திரும்பிவிடும் என்று பயமுறுத்த நான் விரும்பவில்லை. எனக்குக் கவலை, அந்த மிஞ்சிய குளிசை போய்ச் சேரும் இடம்தான். அது சமையலறைத் தகரப்பேணிக்குள் போகும். ஆறு மாதம் கழித்து வேறொருவருக்குக் காய்ச்சல் வரும்போது வெளியே வரும். வைத்தியர் முடிவுத் திகதியையே துண்டில் எழுதியிருந்தால் அந்தத் திகதிதான் முடிவு. நாட்களை மட்டும் எழுதியிருந்தால், எண்ணித் தந்த குளிசைகளை முடிப்பதே வழக்கம். எதுவென்று தெளிவில்லாவிட்டால் யன்னலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த மருந்தைப் பற்றி இரண்டு சொல்ல வேண்டும், ஏனெனில் இரண்டும் வேளைகளோடு தொடர்பானவை. டொக்சிசைக்கிளின் தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண் ஆக்கும். எனவே இரவுக் குளிசையைப் படுக்கப்போகும் நேரத்தில் ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கக் கூடாது. இரவுச் சாப்பாட்டோடு, ஒரு கோப்பை நிறையத் தண்ணீருடன் போட்டுவிட்டு, அரை மணி நேரமாவது நிமிர்ந்து இருக்க வேண்டும். மாலை ஏழு மணிச் சாப்பாடு என்றால் காலை ஏழு மணிக்கு அடுத்தது. பன்னிரண்டு மணி இடைவெளி தானாகவே அமைந்துவிடும்.

மற்றது, இதே மருந்தை எலிக்காய்ச்சல் வராமல் தடுக்கவும் கொடுக்கிறார்கள். வயலில் இறங்குபவர்களுக்குச் சுகாதாரப் பரிசோதகர் ஊடாகக் கிடைக்கும் அந்தத் தடுப்பு மருந்து வாரத்துக்கு ஒரு முறை 200 மில்லிகிராம், அதாவது 100 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஒரே தடவையில். "வாரத்துக்கு இரண்டு" என்பதும் "நாளைக்கு இரண்டு வேளை" என்பதும் ஒரே வீட்டில் கலந்துவிடக்கூடும். தடுப்புக் குளிசைக்கு இந்த வழிகாட்டியில் உள்ள கணக்குப் பொருந்தாது. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் இந்த மருந்தை வீட்டார் தாமாக எடுத்துக் கொடுக்கவே கூடாது.

பிற்பகலிலேயே தொடங்கினால்?

காய்ச்சல் கடுமையாக இருந்தால் வைத்தியர் "வீட்டுக்குப் போகும்வரை பார்க்க வேண்டாம், இப்போதே ஒன்று போடுங்கள்" என்று சொல்லலாம். பகல் இரண்டு மணிக்கு ஒன்று போட்டாகிவிட்டது. இது காலை வேளையா, இரவு வேளையா? அன்று இரவு இன்னொன்று போடச் சொன்னாரா என்பதைப் பொறுத்தது. இரவு பத்து மணிக்கு இன்னொன்று போடலாம் என்று அவர் சொல்லியிருந்தால், அன்று இரண்டு வேளை நிறைவேறிவிட்டது. அது முழு நாள். ஒன்றைக் கழிக்கும் கணக்கு. அன்று இனி வேண்டாம், நாளைக் காலையிலிருந்து ஒழுங்காகப் போடுங்கள் என்றிருந்தால் அது அரை நாள். இரவில் தொடங்கியவரின் கணக்கு. நேரத்தைக் கடிகாரம் சொல்லட்டும். கணக்குக்கு வேண்டியது முதல் திகதியில் வயிற்றுக்குள் போனது ஒரு வேளையா, இரண்டு வேளையா என்பது மட்டும்தான்.

நாமாகவே "இன்றைய இரண்டையும் முடித்துவிடுவோம்" என்று ஒரே நேரத்தில் இரண்டு போடுவது கூடாது. கணக்கு அழகாக முடியும் என்பதற்காக மருந்தை நெருக்கக் கூடாது.

மாதம் மாறும்போது, கிழமையை நம்புங்கள்

திகதிக் கணக்கு மாத முடிவில்தான் சறுக்கும். 2026 பெப்ரவரி 24, செவ்வாய்க்கிழமை காலை பத்து நாள் மருந்து ஒன்று தொடங்குகிறது என்று வையுங்கள். 24-உடன் 10 கூட்டி ஒன்று கழிக்க 33. பெப்ரவரிக்கு அந்த ஆண்டு 28 நாள். 33-இல் 28 போக 5. மார்ச் 5 இரவு முடியும். பழக்கதோஷத்தில் முப்பதைக் கழித்தவருக்கு மார்ச் 3 என்று வரும், இரண்டு நாள் முந்தி. 2028-இல் இதே திகதியில் தொடங்கினால் பெப்ரவரிக்கு 29 நாள், ஆகவே மார்ச் 4.

கிழமைக்கு இந்தத் தொல்லை இல்லை. மாதம் எத்தனை நாளாக இருந்தாலும் வாரம் ஏழு நாள்தான். ஏழு நாள் மருந்தைக் காலையில் தொடங்கினால், தொடங்கிய கிழமைக்கு முந்திய கிழமையில் இரவு முடியும். செவ்வாய் தொடங்கினால் திங்கள். 14 நாள் மருந்துக்கும் அப்படியே, ஒரு வாரம் கூடுதல் மட்டும். இரவில் தொடங்கினால் தொடங்கிய அதே கிழமையில் காலை முடியும். மற்ற நீளங்களுக்கு விரல் மடக்கலாம்: செவ்வாய் காலை தொடங்கிய ஐந்து நாள் மருந்துக்குச் செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. பத்து நாள் என்றால் முதல் ஏழு நாள் திங்களோடு முடியும்; பிறகு செவ்வாய், புதன், வியாழன். மேலே கண்ட மார்ச் 5 வியாழக்கிழமைதான். திகதியும் கிழமையும் ஒத்துப்போனால் கணக்குச் சரி. ஒத்துப்போகாவிட்டால் மாத நாட்களில் எங்கோ தவறியிருக்கிறோம்.

கண்டுபிடித்த முடிவை உறையின் மேலேயே பேனையால் எழுதிவிடுங்கள். திகதியை மட்டும் எழுதினால் போதாது. "பெப். 3 செவ்வாய் காலை" என்று வேளையையும் சேர்த்து எழுத வேண்டும்.

நடுவில் சரிபார்க்க ஒற்றை, இரட்டை

இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏனெனில் இதற்குப் பேனையும் வேண்டாம், கலண்டரும் வேண்டாம். நாளைக்கு இரண்டு வேளை, வேளைக்கு ஒரு குளிசை போடும் மருந்தில் மொத்தம் எப்போதும் இரட்டை எண்: 10, 14, 20, 28. இரவில் தொடங்கியவருக்கு முதல் இரவு முடிந்ததும் 13 மிஞ்சும். மறுநாள் காலை 12. இரவு 11. அடுத்த காலை 10. அதாவது ஒவ்வொரு இரவுக் குளிசைக்குப் பிறகும் மிஞ்சுவது ஒற்றை. ஒவ்வொரு காலைக் குளிசைக்குப் பிறகும் மிஞ்சுவது இரட்டை. காலையில் தொடங்கியவருக்கு இது தலைகீழ்: காலைக்குப் பிறகு ஒற்றை, இரவுக்குப் பிறகு இரட்டை.

நம் நெற்செய்கைக்காரர் வெள்ளி இரவு சாப்பிட்டுவிட்டு, குளிசை போட்டேனா இல்லையா என்று தடுமாறுகிறார். உறையைத் திறந்து எண்ணுகிறார். எட்டு. அவருக்கு இரவுக்குப் பிறகு ஒற்றைதான் மிஞ்ச வேண்டும்; எட்டு இரட்டை. ஆகவே இரவுக் குளிசை இன்னும் உறைக்குள்ளேயே இருக்கிறது. மேலே உள்ள வரிசைப்படி வெள்ளி இரவுக் குளிசை ஏழாவது. போட்டிருந்தால் ஏழு மிஞ்சியிருக்கும். போட்டுவிடலாம்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. இரண்டு வேளை தவறியிருந்தால் ஒற்றை இரட்டை மீண்டும் சரியாகவே காட்டும். சனி இரவு முடிந்து ஐந்து மிஞ்ச வேண்டிய இடத்தில் ஏழு மிஞ்சினால், இரண்டுமே ஒற்றை எண்கள், கண் ஏமாந்துவிடும். ஆகவே ஓரிரு நாளுக்கு ஒரு முறை முழு எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும்.

தவறிய வேளையும் நள்ளிரவுக் குளிசையும்

ஒரு வேளை பிந்தினால், நினைவு வந்ததும் போடுவதே பொது வழக்கம். காலை ஏழு மணிக்குப் போட வேண்டியதைப் பத்து மணிக்குப் போட்டால் முடிவு மாறாது. அடுத்த வேளை நெருங்கிவிட்ட பிறகு நினைவு வந்தால் தவறியதை விட்டுவிட்டு அடுத்ததை மட்டும் போட வேண்டும். இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. அப்படி ஒரு வேளை விடுபட்டால் ஒரு குளிசை கூடுதலாக மிஞ்சும். நுண்ணுயிர்க்கொல்லி என்றால், வைத்தியர் வேறுவிதமாகச் சொல்லாதவரை, அதையும் வரிசையாகப் போட்டு முடிக்கலாம். கடைசி வேளை ஒன்று தள்ளிப்போகும். நம் கணக்கில் பெப்ரவரி 3 காலை என்பது அன்று இரவாகும். இரண்டு மூன்று வேளை விடுபட்டிருந்தால் நீங்களே கணக்குப் போட வேண்டாம். மருந்து தந்தவரிடம் பேசுங்கள்.

யானைக்குக் காவல் இருக்க வயலுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு குழப்பம் வரும். குளிசையைக் கொட்டிலுக்கு எடுத்துப்போய், பன்னிரண்டரை மணிக்கு நினைவு வந்து போடுகிறார். கலண்டரில் திகதி மாறிவிட்டது. ஆனால் அது முந்திய நாளின் இரவு வேளைதான். புதிய திகதியின் முதல் வேளை என்று எழுதினால், அன்று மூன்று வேளை போட்டதுபோலத் தோன்றி, இரவுக் குளிசையை நிறுத்திவிடத் தூண்டும். வேளை விடியும்வரை மாறுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த காலைக் குளிசையை மட்டும் சில மணி நேரம் பிந்திப் போடலாம்.

காய்ச்சல் விட்டுவிட்டது என்பதற்காகக் கடைசி நாளை முன்னுக்கு இழுக்கக் கூடாது. அதேபோல, கடைசி நாள்வரை பொறுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்கவும் கூடாத நிலைமைகள் உண்டு. எலிக்காய்ச்சலில் சிறுநீர் குறைவது, கண் மஞ்சளாவது, மூச்சு வாங்குவது, இரத்தம் கசிவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உறைக்குள் எத்தனை குளிசை மிஞ்சியிருந்தாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

குளிசை எண்ணிக்கை வழிகாட்டாத இடங்கள்

பிள்ளைகளுக்கான பாணி மருந்தில் இந்தக் கணக்கின் பாதி மட்டுமே பொருந்தும். ஒரு வேளைக்கு 5 மில்லிலீற்றர், இரண்டு வேளை, ஐந்து நாள் என்றால் தேவைப்படுவது 50 மில்லிலீற்றர். போத்தலில் அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். இங்கே போத்தல் முடியும்வரை கொடுப்பது பிழை. பத்து வேளைகளை எண்ணி நிறுத்த வேண்டும். தூளில் தண்ணீர் விட்டுக் கலக்கும் நுண்ணுயிர்க்கொல்லிப் பாணிகள் பல, கலந்த பிறகு 7 முதல் 14 நாள்வரைதான் வீரியத்தோடு இருக்கும்; மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு வைத்திருக்க முடியாது. பாணிக்கு எண்ணிக்கை காட்டும் குளிசைகள் இல்லாததால், போத்தலின் ஒட்டுத்தாளில் ஒவ்வொரு வேளைக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டு வருவதுதான் நம்பகமானது.

விடுதியில் இருந்து துண்டு வெட்டி வருபவர்களுக்கு முதல் நாள் வீட்டுக்கு வந்த நாள் அல்ல. ஏழு நாள் மருந்தில் இரண்டு நாள் ஊசியாக விடுதியிலேயே ஏறியிருக்கலாம். மீதி ஐந்து நாளைக்கு 10 குளிசைதான் தருவார்கள். "ஏழு நாள் என்று சொன்னார்கள், பத்துத்தானே இருக்கிறது, நாலு குறைகிறது" என்று வெளியே நாலு வாங்கிப் போட்டால் ஒன்பது நாள் ஆகிவிடும். இங்கே எண்ண வேண்டியது, வீட்டில் போட்ட முதல் குளிசையிலிருந்து கையில் உள்ள பத்தும் எங்கே முடிகிறது என்பதை மட்டும்தான்.

மாதக் கணக்கில் எடுக்கும் மருந்துகளில் 1/12 என்று எழுதியிருந்தாலும் மாதம் எத்தனை நாள் என்பதைத் துண்டு சொல்லாது. இரண்டு வேளை, வேளைக்கு ஒன்று என்றால் 56 குளிசை 28 நாளைக்கு. 60 குளிசை 30 நாளைக்கு. இரண்டு நாள் வித்தியாசம் சிறிதுபோலத் தெரியும். ஆனால் நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவருக்கு அடுத்த கிளினிக் 30-ஆம் நாள் என்றால், 56 குளிசையோடு இரண்டு நாள் வெறும் உறையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இந்த மருந்துகளுக்குக் கடைசி நாள் நிறுத்தும் நாள் அல்ல, அதற்குமுன் அடுத்த மாத மருந்து கையில் இருக்க வேண்டிய நாள். ஆகவே கிளினிக் கொப்பியில் அடுத்த திகதியைக் குறித்துத் தரும்போதே, குளிசை முடியும் திகதியையும் கணக்கிட்டு அருகில் வைத்துப் பாருங்கள். குளிசை முந்தி முடிந்தால், இன்னும் இரண்டு நாளைக்குச் சேர்த்துத் தர முடியுமா என்று அன்றே கேட்டுவிடலாம்.